சொத்துச் சண்டை நடக்கும் வாட்ஸ்அப் குழுவில் யார் உண்மையில் என்ன கேட்கிறார்கள்?

"அப்பா 2021-இல் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு திண்டுக்கல்லில் இருக்கிறது, ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு ஊரில். வீடு 60 லட்சம், தோப்பு 40 லட்சம் போகும் என்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது. தம்பி குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். அண்ணன் பெங்களூரில், நான் திருப்பூரில். ஆறு மாதமாக எங்கள் மூன்று பேர் குழுவில் ஓயாத சண்டை. பெயர்களை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் சாட்டைக் கீழே போட்டிருக்கிறேன். இதில் எது நியாயமான உரிமை, எது பழைய கோபம்? வெளியாள் யாராவது படித்துச் சொல்லுங்கள்."

நான் சிவில் வழக்குகள் நடத்தியவன், இப்போது பெரும்பாலும் நீதிமன்றச் சமரச மையத்தில் மத்தியஸ்தராக உட்காருகிறேன். பாகப்பிரிவினை வழக்கோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் பத்திரக் கட்டோடு செல்போனையும் நீட்டுகிறார்கள், "இதைப் படிங்க சார், உங்களுக்கே புரியும்" என்று. படித்தால் வேறு ஏதோதான் புரியும். உங்கள் சாட்டும் அப்படித்தான் இருக்கிறது. ஆறு மாதப் பேச்சில் ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது, மாடி வருகிறது, நாற்பது பவுன் வருகிறது, தோப்பு வருகிறது. அம்மாவுக்கு என்ன பங்கு என்ற பேச்சு ஓர் இடத்தில்கூட வரவில்லை. மருந்து வாங்குவது யார், யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற கணக்கில் மட்டும்தான் அம்மா வருகிறார். குழுவிலும் அவர் இல்லை.

முதலில் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்கு வேறு மாதிரி வரும். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நான்கு பங்கு. மொத்தம் ஒரு கோடி என்றால் ஆளுக்கு 25 லட்சம். அதில் ஒன்று அம்மாவுடையது. உங்கள் அண்ணன் "ரெண்டா பிரிக்கலாம்" என்கிறார், நீங்கள் பிறகு "மூணு பங்கு" என்கிறீர்கள். இரண்டுமே தப்பு.

இந்தக் கால் பங்கு எங்கே போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அம்மா எதுவும் எழுதாமல் காலமானால் அது உங்கள் மூவருக்கும் சமமாகப் பிரிந்து, கடைசியில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 33 லட்சம் வரும். அம்மா தன் பங்கைத் தம்பி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்குப் பாதி, அதாவது 50 லட்சம். உங்களுக்கும் அண்ணனுக்கும் 25-க்கு மேல் நகராது. அம்மா பங்கு அம்மாவின் சொந்தச் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உங்கள் சம்மதம் தேவையில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் உங்கள் சகோதரர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், சண்டை சூடான இடத்தைப் பாருங்கள். ஜனவரிவரை வாய்ச்சண்டைதான், நடுவில் பேரப்பிள்ளைகள் போட்டோவும் வருகிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் தம்பி, "அம்மாவுக்குக் கை நடுங்குது, கையெழுத்து சரியா வர மாட்டேங்குது. பேங்க் வேலையெல்லாம் இனி நானே பாத்துக்கறேன்" என்று எழுதுகிறார். அன்றைக்கு அண்ணன் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் காலை, சம்பந்தமே இல்லாமல், "அம்மா கொஞ்ச நாள் பெங்களூர் வந்து இருக்கட்டும்" என்கிறார். ஒரே நிமிஷத்தில் தம்பி: "அம்மா எங்கயும் வர மாட்டாங்க." அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய ஆறு லட்சமும் மாடியும் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படிப்பட்ட சாட்டைப் படிக்கும்போது வார்த்தையைவிடத் தேதியையும் இடைவெளியையும் நான் அதிகம் பார்ப்பேன். எந்தச் செய்திக்குப் பிறகு தொனி மாறியது, எதற்கு உடனே பதில் வந்தது, எதற்கு வரவேயில்லை என்று குறித்துக்கொண்டு போனால் ஆட்களின் கவலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது தொனி எங்கே மாறியது என்பது மட்டும்தான். தம்பி கையெழுத்து வாங்கப் பார்க்கிறார் என்றோ, அண்ணன் அம்மாவை அழைப்பது பத்திரத்துக்காக என்றோ இதிலிருந்து சொல்ல முடியாது. கை நடுங்கும் தாய்க்கு உண்மையாகவே பேங்க் வேலை பார்க்கும் மகன்கள் இருக்கிறார்கள். அம்மாவைக் கொஞ்ச நாள் கூட வைத்துக்கொள்ள ஆசைப்படும் மகன்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள் என்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்வோம். ஒரு வரி உரிமைக் கோரிக்கையா கோபமா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இவர் கேட்பதைக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடுமா என்பதுதான். உரிமைக் கோரிக்கையில் ஒரு பொருள், தொகை, தேதி இருக்கும்; கொடுத்தால் முடிந்துவிடும். கோபத்தில் "ஒரு தடவையாவது", "யாராச்சும்", "எப்பவுமே" என்ற சொற்கள் இருக்கும்; கேள்விக்குறி இருக்கும், பதில் எதிர்பார்ப்பு இருக்காது. ஒரே வரியில் இரண்டும் கலந்தும் வரும். உங்கள் சாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

அண்ணன் எழுதியது: "அப்பா ஆஸ்பத்திரி செலவு ஆறு லட்சம் நான் கட்டினேன். ஒருத்தராவது எவ்வளவு ஆச்சுன்னு கேட்டீங்களா?" முதல் வாக்கியம் தொகையோடு இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஸ்பத்திரி பில், கம்பெனி இன்ஷூரன்ஸில் எவ்வளவு திரும்ப வந்தது என்று பார்த்தால் உண்மைத் தொகை தெரிந்துவிடும். ஆனால் சட்டப்படி இதைச் சொத்தில் கழிக்கச் சொல்லி நிற்பது கடினம். அப்பாவுக்குக் கடனாகக் கொடுத்தேன் என்று காட்ட முடியாவிட்டால், மகன் தகப்பனுக்குச் செய்த செலவாகத்தான் பார்ப்பார்கள். சமரசத்தில் உட்கார்ந்தால் மற்றவர்கள் மனமொப்பி அதில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுப்பது சகஜம். இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். இந்தப் பேச்சு சாட்டில் நான்கு இடத்தில் வருகிறது. தொகை ஓரிடத்தில் ஆறு லட்சம், இன்னோரிடத்தில் "அஞ்சாறு லட்சம்", கடைசியில் தொகையே இல்லை. "யாரும் கேக்கல" மட்டும் நான்கிலும் மாறாமல் இருக்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் இது நிற்காது என்று அதனால்தான் சொல்கிறேன்.

தம்பியின் "மாடி நான் கட்டினது, அதுல யாருக்கும் பங்கு கிடையாது" என்பது நேர்மாறானது. இதில் கோபம் கொஞ்சம்தான், உரிமை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறிச் சொல்கிறார். அப்பா பெயரிலுள்ள மனையில் மகன் மாடி எழுப்பினால் மாடி மட்டும் தனிச் சொத்தாகிவிடாது. மனையும் கட்டடமும் சேர்த்தே பங்குக்கு வரும். அதே சமயம் அவர் போட்ட பணத்தைக் கண்டுகொள்ளாமல் பிரிப்பதும் நியாயமில்லை. பிரிக்கும்போது முடிந்தவரை அந்தப் பகுதியை அவருக்கே ஒதுக்கி, செலவையும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கம். அதற்கு வீட்டுக்கடன் யார் பெயரில், மாடிக்குத் தனி மின் இணைப்பு எந்த ஆண்டு வந்தது, மேஸ்திரிக்குப் பணம் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். அண்ணன் ஒருமுறை "மாடி வாடகை என்னாச்சு" என்று கேட்கிறார். பதில் இல்லை, பத்து நிமிஷம் கழித்துத் தம்பி அம்மாவின் சுகர் ரிப்போர்ட்டை அனுப்புகிறார். வாடகையை மறைக்கிறார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஆனால் பாகத்துக்கு உட்காரும்போது மாடிச் செலவோடு மாடி வருமானமும் மேஜைக்கு வந்தாக வேண்டும். தோப்புக் குத்தகைப் பணமும் அப்படியே. அது யாருக்குப் போகிறது என்று இந்த ஆறு மாதத்தில் நீங்கள் மூவருமே கேட்கவில்லை.

"பணம் அனுப்பிட்டா போதுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவ பாத்ரூம் கூட்டிட்டுப் போறது யாரு?" தம்பியின் இந்த வரியில்தான் சாட்டின் மொத்தக் கசப்பும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றவரைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. அதனால் சட்டம் தெரிந்த யாரும் "அது உன் கடமை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம், அண்ணன் தள்ளியும் விட்டார். ஆனால் இந்தக் கோபத்துக்குள் ஒரு நிஜமான செலவுக் கணக்கு இருக்கிறது. திண்டுக்கல்லில் இரவுக்கு மட்டும் ஓர் ஆயாவை அமர்த்த மாதம் எவ்வளவு ஆகும் என்று இரண்டு ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அந்தத் தொகையை மூன்றாகப் பிரித்து, இந்த மாதத்திலிருந்து உங்கள் பங்கை அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தம்பி ஒப்புக்கொண்டு ஆள் வைத்தால் அவர் கேட்டது ஒத்தாசை. "காசு யாருக்கு வேணும்" என்று தள்ளினால், அவர் கேட்பது வேறு ஒன்று. ஒருவேளை, நீங்கள் இருவரும் அம்மாவோடு ஒரு வாரம் வந்து இருக்க வேண்டும் என்பதாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மணிக்கு எழுந்தவர் தம்பியா, தம்பி மனைவியா? சாட்டில் அந்தப் பெண்ணின் பெயரே வரவில்லை. இப்படிப்பட்ட குடும்பங்களில் பராமரிப்பின் பெரும்பகுதி குழுவில் இல்லாத மருமகள் தலையில்தான் இருக்கும். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எந்த ஏற்பாடும் நிற்காது.

நாற்பது பவுன் விஷயம் உங்களைப் பற்றியது. "உனக்குத்தான் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சே" என்று அண்ணன் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையும் சீரும் மகளின் வாரிசுப் பங்கைக் குறைக்காது. இதை நீங்களும் சாட்டில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு அடுத்து அவர் எழுதியதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்: "அந்த லோன ஏழு வருஷம் யார் கட்டினான்னு அம்மாகிட்ட கேளு." இந்தச் சாட்டில் புதிய தகவல் உள்ள ஒரே கோப வாக்கியம் இதுதான். என்ன லோன் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பதிலைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்காக அப்பா வாங்கிய கடனை அண்ணன் அடைத்திருந்தால், பவுன் பேச்சு அவருக்கு உங்கள் பங்கைப் பறிக்கும் வழியாக இல்லாமல், தான் சுமந்தது யாருக்கும் தெரியவில்லை என்ற ஆற்றாமையாகவும் இருக்கலாம். ஊகம்தான். "எந்த லோன் அண்ணே?" என்று போனில் கேட்டால் தெரிந்துவிடும். குழுவில் கேட்காதீர்கள்.

தோப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "அப்பாவே எனக்குன்னு சொல்லியிருக்காரு, மாமாவுக்குத் தெரியும்" என்று அண்ணன் சொல்வது செல்லாது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். வாய்வார்த்தை உயில் ஆகாது. ஆனாலும் அண்ணன் பங்கு 25 லட்சம், தோப்பு 40 லட்சம் என்றால், மீதி 15 லட்சத்தை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தோப்பை வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தால் அவருக்குத் தோப்பு வேண்டும். "எதுக்கு நான் காசு கொடுக்கணும், அப்பா எனக்குக் கொடுத்தது" என்றால் அப்பா தன்னைத்தான் தேர்ந்தெடுத்தார் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது அவருக்கு நிலத்தைவிட முக்கியம்.

உங்கள் வரிகளையும் இதே கண்ணோடுதான் படித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நவம்பரில் நீங்கள், "எனக்கு எதுவும் வேண்டாம், அம்மாவ நல்லா பாத்துக்கிட்டா போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே அண்ணன், "அப்ப ரெண்டா பிரிக்கலாம்" என்கிறார். தம்பி கட்டைவிரல் காட்டுகிறார். பிப்ரவரியில் நீங்கள், "சட்டப்படி எனக்கும் சம பங்கு உண்டு" என்கிறீர்கள். சட்டப்படி நீங்கள் எதையும் இழக்கவில்லை. அசையாச் சொத்தில் உள்ள பங்கை விட வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் வரி அதற்கு ஈடாகாது. ஆனால் அந்த மூன்று மாதமும் இரண்டு பங்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உங்கள் பிப்ரவரிச் செய்தி வாக்கு மாறியதாகத் தெரிந்திருக்கும். நவம்பரில் நீங்கள் சொன்னதில் ஒரு நிபந்தனை இருந்தது, அதை அவர்கள் கவனிக்கவில்லை. நீங்களும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பங்கு வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமென்றால் பணமாகவா நிலமாகவா என்று முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் மற்றவர் வரிகளுக்கு அர்த்தம் தேடுவதில் பயனில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஒரு போனிலிருந்து வருவதெல்லாம் அந்த ஆளே எழுதியது என்று நம்ப வேண்டாம். மார்ச்சில் தம்பியிடமிருந்து வந்த நீண்ட செய்தி, "சுவாதீனம்", "அனுபவப் பாத்தியம்" என்றெல்லாம் சட்ட மொழியில் பேசுகிறது. முந்தைய எந்தச் செய்தியிலும் அவர் அப்படி எழுதவில்லை. யாரோ எழுதிக் கொடுத்திருக்கலாம், வக்கீலைப் பார்த்திருக்கலாம். அந்தச் செய்தியை வைத்து அவர் மனதை எடை போடாதீர்கள். இரண்டு, சாட்டை ஆதாரமாக வைத்துக்கொள்ள நினைத்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல், குழுவை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அப்படி வைத்திருந்தாலும் சாட்டால் பங்கு கூடவோ குறையவோ செய்யாது. அண்ணன் பணம் கட்டினார், தம்பி வாடகை வாங்கினார் என்பது போன்ற ஒப்புதல்களுக்கு அது துணையாக நிற்கலாம், அவ்வளவே.

அடுத்து அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போகாதீர்கள். அது வேறு அர்த்தம் கொடுக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், அவர் பங்கு நான்கில் ஒன்று என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். பல தாய்மார்களுக்கு அது தெரியாது. தம்பிக்கே எழுதிவைக்க அவர் ஆசைப்பட்டால் தடுக்க உங்களுக்கு உரிமையில்லை, என்னைக் கேட்டால் தடுக்கவும் வேண்டாம். ஆனால் "கடைசிவரை உணவு, மருத்துவம், இருப்பிடம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பராமரிப்பு நின்றுபோனால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்திடம் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தை இப்படி ரத்து செய்ய முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு சட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகப் படித்தது. அந்த விவாதத்துக்குள் உங்கள் அம்மா போகாமல் இருக்க வேண்டுமென்றால் நிபந்தனை எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கும் முன்பாக ஒரு சின்ன வேலை இருக்கிறது. tnreginet.gov.in தளத்தில் வீட்டுக்கும் தோப்புக்கும் 2021 முதல் இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. தம்பியின் மார்ச் செய்தி, "இனி பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்று முடிகிறது. அது வெறும் சலிப்பாக இருக்கலாம். ஏற்கெனவே ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தாலும் ஆள் அப்படித்தான் எழுதுவார். எதுவும் பதிவாகவில்லை என்றால் மேலே சொன்ன வரிசையில் போங்கள். அம்மா பெயரிலிருந்து ஏதாவது போயிருந்தால் குழுவில் ஒரு வார்த்தையும் போடாமல், பத்திர நகல் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். பத்திரம் இருப்பது தெரியவந்த நாளிலிருந்து வழக்குப் போடுவதற்கான காலவரையறை ஓடத் தொடங்கிவிடும்.